நோட்டீஸ்ல ரெண்டு பத்தி 5 இருந்தா பதில்ல எந்த 5-ஐ மறுக்கிறது?

வக்கீல் நோட்டீஸுக்கு பதில் தயாராயிடுச்சு, டைப் அடிச்சு மேசைக்கு வந்திடுச்சுன்னா பெரும்பாலும் எல்லாரும் என்ன பண்றோம்னா பதிலை மட்டும் எடுத்து மேலேந்து கீழ வரைக்கும் ஒரு தடவ படிக்கிறோம், நல்லா கோவமா இருக்கு, நம்ம பக்கத்து கதை எல்லாம் வந்திருக்கு, சரி கையெழுத்து போட்டு அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிடுறோம். அப்படி படிச்சா பதில்ல என்ன இருக்குன்னு தெரியும், என்ன இல்லன்னு தெரியவே தெரியாது. பதில்ல விட்டுப்போனது எதுன்னு பதிலுக்குள்ள தேடினா கிடைக்காது, அது நோட்டீஸ்ல தான் இருக்கு. அதனால நோட்டீஸையும் பதிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பத்தி பத்தியா ஒத்துப் பாக்குற வேலைய பத்தி மட்டும் இதுல எழுதுறேன். நான் சிவில் பக்கம், பண விவகாரம் செக் விவகாரம் இதுலதான் அதிகம் இருக்கேன், அதனால உதாரணமும் அதுலேர்ந்தே எடுக்குறேன். வந்த விவகாரத்தோட அடையாளம் தெரியாத மாதிரி தொகை தேதி எல்லாம் மாத்தித்தான் சொல்றேன்.

ஒரு அம்மாவுக்கு நோட்டீஸ் வந்துச்சு. பத்தி பத்தியா அதுல சொல்லியிருந்தது இதுதான். பத்தி 1, அனுப்புனவரும் அந்த அம்மாவும் பல வருஷமா பழக்கம். பத்தி 2, குடும்ப அவசரத்துக்குன்னு 10.03.2023 அன்னிக்கு 5,00,000 ரூபாய் ரொக்கமா கடன் வாங்கினாங்க, வருஷத்துக்கு 24 சதவீதம் வட்டி தரேன்னு ஒத்துக்கிட்டாங்க. பத்தி 3, அதே நாள்ல புரோநோட் எழுதி கையெழுத்து போட்டாங்க. பத்தி 4, கொஞ்ச மாசம் வட்டி கட்டிட்டு நிறுத்திட்டாங்க, பலமுறை கேட்டும் தரல. பத்தி 5, கடைசியா கடனை அடைக்க 02.01.2025 தேதி போட்டு 5,00,000 ரூபாய்க்கு செக் கொடுத்தாங்க. அடுத்ததும் பத்தி 5 தான், டைப் பண்ணவர் நம்பரை மறுபடியும் போட்டுட்டார், அதுல செக் பேங்க்ல போட்டு கணக்குல போதிய பணம் இல்லன்னு 08.01.2025 அன்னிக்கு திரும்பிடுச்சுன்னு இருக்கு. பத்தி 6, பணம் இல்லன்னு தெரிஞ்சே ஏமாத்துற எண்ணத்தோட செக் கொடுத்தாங்க. பத்தி 7, நோட்டீஸ் கிடைச்ச 15 நாளுக்குள்ள 5,00,000 ரூபாயை கட்டணும், இல்லன்னா செக் சட்டம் 138-வது பிரிவுல வழக்கு.

அந்த அம்மா சொன்ன உண்மை வேற. வாங்கினது 2,00,000 மட்டும், அதுவும் பேங்க் டிரான்ஸ்ஃபர்ல அதே 10.03.2023 அன்னிக்கு வந்துச்சு. வட்டி பேச்சே இல்ல. புரோநோட் எதுலயும் கையெழுத்து போடல. கையெழுத்து மட்டும் போட்ட ஒரு வெத்து செக்கை செக்யூரிட்டிக்குன்னு அன்னிக்கே வாங்கி வச்சுக்கிட்டாங்க. அப்புறம் 50,000 வீதம் மூணு தடவ, 12.09.2023, 05.02.2024, 20.08.2024 தேதிகள்ல பேங்க் வழியாவே 1,50,000 திருப்பி கொடுத்தாச்சு. பாக்கி 50,000. இது எல்லாத்துக்கும் பேங்க் ஸ்டேட்மெண்ட் இருக்கு. இவ்வளவு நல்ல டிஃபென்ஸ் கையில இருக்குற ஒரு விவகாரத்துல பதில் நோட்டீஸ் டிராஃப்ட் எப்படி வந்துச்சுன்னு பாப்போம்.

முதல்ல நம்பர். டிராஃப்ட்ல முதல் பத்தி "தங்கள் அறிவிப்பு 01.02.2025 அன்று கிடைக்கப்பெற்றது" அப்படின்னு ஆரம்பிச்சு 1-ன்னு நம்பர் விழுந்திருக்கு. அதனால நோட்டீஸோட பத்தி 1-க்கு பதில் பதிலோட பத்தி 2-ல வருது, 2-க்கு பதில் 3-ல வருது, இப்படி ஒண்ணு தள்ளி தள்ளி போகுது. இது ஒண்ணும் தப்பு இல்ல, ஒவ்வொரு பத்தி ஆரம்பத்துலயும் "தங்கள் அறிவிப்பின் பத்தி 2-ல் கண்ட" அப்படின்னு எழுதியிருந்தா போதும், ஆனா படிக்கிறவங்க கண்ணுக்கு பக்கத்துல பக்கத்துல ரெண்டு நம்பர் ஓடும்போது குழப்பம் வரத்தான் செய்யும். பிரச்சனை வந்தது அந்த ரெண்டாவது பத்தி 5-ல. நம்ம பதிலை டைப் பண்ண தம்பி அதை மனசுக்குள்ளயே பத்தி 6-ன்னு திருத்திக்கிட்டு எழுதியிருக்கார், நல்ல எண்ணத்துலதான். செக் திரும்பினது பேங்க் ரெக்கார்டு, அதை மறுத்து பிரயோஜனம் இல்லன்னு சரியா யோசிச்சு இப்படி எழுதியிருக்கார்:

"பத்தி 6-ல் கண்ட சங்கதிகள் வங்கி ஆவணங்களைப் பொறுத்தவையாதலால் மறுப்பதற்கில்லை."

அடுத்த பத்தியில:

"பத்தி 7-ல் கூறப்பட்ட ஏமாற்றும் எண்ணம் முற்றிலும் பொய்யானது, வன்மையாக மறுக்கப்படுகிறது."

அதுக்கும் அடுத்து, பத்தி 8-ல கேட்ட தொகையை கட்ட வேண்டிய கடமை எங்க கட்சிக்காரருக்கு இல்லன்னு ஒரு வரி.

பதிலை மட்டும் தனியா படிச்சா எல்லாம் அழகா ஓடுது. நோட்டீஸை பக்கத்துல வச்சு நம்பரை பாத்தா, நோட்டீஸோட பத்தி 6 எது? ஏமாத்துற எண்ணத்தோட செக் கொடுத்தாங்கங்கிற பத்தி. அதுக்கு நம்ம பதில் "மறுப்பதற்கில்லை". பத்தி 7 பணம் கட்டச் சொல்ற பத்தி, அதுக்கு பதில்ல ஏமாத்துற எண்ணத்தை மறுத்திருக்கோம், பத்தி 8-ன்னு ஒண்ணு நோட்டீஸ்லயே இல்ல. செக் திரும்பின ரெண்டாவது 5-க்கு நம்பர்படி பதிலே கிடையாது. அடுத்த வரியிலயே மறுப்பு இருக்கே, படிக்கிற யாருக்கும் நாம சொல்ல வந்தது புரியுமேன்னு கேட்டா, புரியலாம். ஆனா குறுக்கு விசாரணையில எதிர்த்தரப்பு வக்கீல் இந்த கடிதத்தை கையில வச்சுக்கிட்டு பத்தி 6-ஐ மறுக்கலன்னு எழுதியிருக்கீங்களா இல்லையான்னு கேட்டா, எழுதியிருக்கோம்னுதான் சொல்லியாகணும், அப்புறம் எழுந்திருச்சு விளக்கம் சொல்லணும். ஒரு நம்பர் சரியா இருந்தா அந்த விளக்கத்துக்கே வேலை இல்ல.

நோட்டீஸ்ல நம்பர் தப்பா இருந்தா அதை நாம திருத்தக்கூடாது, இருக்குறபடியே எடுத்துக்கிட்டு அடையாளம் காட்டணும். பதிலோட ஆரம்பத்துலயே "தங்கள் அறிவிப்பில் 5 என்ற எண் இரண்டு பத்திகளுக்கு இடப்பட்டுள்ளது. 'கடனைத் தீர்க்கும் பொருட்டு' எனத் தொடங்குவது முதல் பத்தி 5 என்றும், 'மேற்படி காசோலையை' எனத் தொடங்குவது இரண்டாம் பத்தி 5 என்றும் இப்பதிலில் குறிக்கப்படுகின்றன" அப்படின்னு ஒரு வரி போட்டுட்டா முடிஞ்சது, அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அதே பேரை பிடிச்சுக்கிட்டு போகலாம். பத்திக்கு நம்பரே போடாம வர நோட்டீஸும் உண்டு, அதுலயும் இதே வழிதான், பக்கம் சொல்லி, பத்தியோட முதல் ரெண்டு மூணு வார்த்தைய மேற்கோள்ல போட்டு அடையாளம் காட்டிட்டு பதில் சொல்லணும்.

நான் எழுதும்போது முன்னுரை வரிகளுக்கு நம்பரே போடமாட்டேன். நோட்டீஸ் கிடைச்சது, நம்பர் குழப்பத்துக்கான விளக்கம் இதெல்லாம் நம்பர் இல்லாம மேல போயிடும், அப்புறம் பத்தி 1-க்கு பதில் 1, பத்தி 2-க்கு பதில் 2, அப்படியே நேருக்கு நேர் போகும், நம்ம பக்கத்து கதைய எல்லாத்துக்கும் கீழ "உண்மைச் சங்கதிகள்"னு தனி தலைப்புல அ, ஆ, இ போட்டு எழுதிடுவேன். இதனால இன்னொரு தொல்லையும் குறையுது. கம்ப்யூட்டர்ல தானா நம்பர் போடுற வசதிய வச்சு அடிச்சிருந்தா நடுவுல ஒரு பத்திய தூக்கினதும் கீழ இருக்குற நம்பர் எல்லாம் தானா மாறிடும், ஆனா வாக்கியத்துக்குள்ள கையால அடிச்ச "மேலே பத்தி 4-ல் கூறியபடி"ங்கிறது மாறாது, அது பழைய நம்பரையே சொல்லிக்கிட்டு இருக்கும். அதனால கடைசி திருத்தம் எல்லாம் முடிஞ்சப்புறம் "பத்தி"ங்கிற வார்த்தைய தேடச் சொல்லி, வர ஒவ்வொரு இடத்துலயும் நின்னு அந்த நம்பர் எங்க போகுதுன்னு பாக்கணும், நாலு பக்க பதிலுக்கு அஞ்சு நிமிஷ வேலைதான்.

நம்பர் ஒத்துப்போச்சுன்னா பாதி வேலைதான் ஆச்சு, ஏன்னா ஒரு பத்திக்குள்ள ஒரு சங்கதி மட்டும் இருக்குறதில்ல. பத்தி 2-ஐ எடுத்துக்கங்க. பென்சிலால பிரிச்சா, கடன் வாங்கினது ஒண்ணு, தேதி ஒண்ணு, தொகை ஒண்ணு, ரொக்கமாங்கிறது ஒண்ணு, குடும்ப அவசரம்ங்கிற காரணம் ஒண்ணு, வட்டி ஒத்துக்கிட்டது ஒண்ணு, அந்த வட்டி விகிதம் ஒண்ணு. ஒரே வாக்கியத்துல ஏழு சங்கதி. பதில்ல இந்த ஏழுக்கும் இருக்கா இல்லையாங்கிறதுதான் கேள்வி. பதிலை பாக்குறதுக்கு முன்னாடியே நோட்டீஸ் மேல இந்த பிரிப்பை முடிச்சுடணும், பதிலை படிச்சிட்டு வந்து பிரிச்சா பதில் சொன்ன சங்கதி மட்டும்தான் கண்ணுக்கு தெரியும். பிரிச்ச ஒவ்வொண்ணுக்கும் மூணே விதமான பதில்தான் இருக்க முடியும், ஒத்துக்குறோம், மறுக்கிறோம், இல்ல அது எங்களுக்கு நேரடியா தெரிஞ்ச விஷயம் இல்ல நீங்களே நிரூபிச்சுக்கங்க. ஒரு சங்கதி பக்கத்துல இந்த மூணுல எதையும் எழுத முடியலன்னா பதில்ல அதுக்கு இடம் இல்லன்னு அர்த்தம்.

டிராஃப்ட்ல பத்தி 2-க்கு இருந்த பதில் இது:

"எங்கள் கட்சிக்காரர் 10.03.2023 அன்று ரூ.5,00,000 ரொக்கமாகக் கடன் பெற்றார் என்பது மறுக்கப்படுகிறது."

தெளிவா மறுத்த மாதிரிதான் இருக்கு. ஆனா எதை மறுத்திருக்கு? அந்த தேதியில வாங்கலையா, வேற தேதியில வாங்கினாங்களா? 5,00,000 வாங்கல, 4,90,000 வாங்கினாங்களா? ரொக்கமா வாங்கல, செக்கா வாங்கினாங்களா? எல்லாத்துக்கும் இந்த வாக்கியம் இடம் கொடுக்குது. சிவில் நடைமுறைச் சட்டத்துல 8-வது கட்டளை, விதி 3, 4, 5 இதைப் பத்திதான் பேசுது. பொதுவா மறுத்தா போதாது ஒவ்வொரு சங்கதியையும் குறிப்பா மறுக்கணும்னு விதி 3 சொல்லுது. விதி 4 இன்னும் நேரடியா நம்ம விவகாரத்தையே சொல்லுது, ஒரு குறிப்பிட்ட தொகை வாங்கினதா சொன்னா அந்த தொகைய வாங்கலன்னு மட்டும் சொன்னா பத்தாது, அந்த தொகையையோ அதுல எந்த பகுதியையுமோ வாங்கலன்னு சொல்லணும், இல்ல எவ்வளவு வாங்கினோம்னு சொல்லணும். குறிப்பாவோ, மறைமுகமா புரியுற மாதிரியோ மறுக்காத, ஒத்துக்கலன்னும் சொல்லாத சங்கதி ஒத்துக்கிட்டதா எடுத்துக்கப்படும்னு விதி 5 சொல்லுது, கோர்ட் விரும்பினா அதையும் நிரூபிக்கச் சொல்லலாம்ங்கிறது தனி. இந்த மூணு விதியும் சேர்ந்து ஒரே முழு ஏற்பாடுன்னு உச்ச நீதிமன்றம் 1963-ல பதாத் கம்பெனி வழக்குல சொல்லியிருக்கு.

இங்க ஒண்ணு நேர்மையா சொல்லணும், இந்த விதிகள் கோர்ட்ல தாக்கல் பண்ற எதிர்வழக்குரைக்குத்தான், பதில் நோட்டீஸுக்கு நேரடியா பொருந்தாது. பதில் நோட்டீஸ்ல ஒரு வரி விட்டுப்போச்சுன்னா அந்த நிமிஷமே அதை ஒத்துக்கிட்டதா ஆயிடாது. ஆனா நாளைக்கு வழக்கு வந்தா இதே கடிதம் சாட்சி ஆவணமா குறியீடு ஆகும், எதிர்வழக்குரையில முதல்முறையா ஒரு மறுப்பு வந்தா "இதை ஏன் அன்னிக்கு சொல்லல, இப்ப யோசிச்சு எழுதினதா"ங்கிற கேள்வி வரும். செக் வழக்குல இது இன்னும் கனமா விழும். 2010-ல ரங்கப்பா வழக்குல, நோட்டீஸுக்கு பதிலே அனுப்பாம இருந்ததை உச்ச நீதிமன்றம் புகார்தாரர் பக்கம் நியாயம் இருக்குன்னு எண்ண வைக்கிற ஒரு விஷயமாவே எடுத்துக்கிச்சு. அதனால பதில் நோட்டீஸையும் எதிர்வழக்குரை அளவுகோல்லயே அளக்குறதுதான் பாதுகாப்புன்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

அப்ப பத்தி 2-க்கு "ரூ.5,00,000-ஐயோ அதில் எந்தப் பகுதியையுமோ பெறவில்லை"ன்னு விதி 4-ல இருக்குற வார்த்தைய அப்படியே போட்டுடலாமா? கூடாது. இந்த அம்மா 2,00,000 வாங்கியிருக்காங்க, பேங்க் ரெக்கார்டு இருக்கு, எந்த பகுதியும் வாங்கலன்னு எழுதினா அது பொய், அதே பதில்ல கீழ 1,50,000 திருப்பி கொடுத்தேன்னு வேற எழுதப்போறோம், வாங்காத காசை யாராவது திருப்பிக் கொடுப்பாங்களா? பழைய பதில்லேர்ந்து வாக்கியத்தை தூக்கி ஒட்டும்போது நடக்குற விபத்து இதுதான். இவங்களுக்கு பொருந்துறது விதியோட ரெண்டாவது பாதி, எவ்வளவு வாங்கினோம்னு சொல்றது:

"பத்தி 2: எங்கள் கட்சிக்காரர் 10.03.2023 அன்றோ வேறு எந்தத் தேதியிலோ தங்கள் கட்சிக்காரரிடமிருந்து ரூ.5,00,000 கடன் பெறவில்லை. ரொக்கமாக எந்தத் தொகையும் எப்போதும் பெறவில்லை. 10.03.2023 அன்று வங்கிப் பரிமாற்றம் மூலம் ரூ.2,00,000 மட்டுமே கடனாகப் பெற்றார். இதைத் தவிர வேறு தொகை எதுவும் பெறவில்லை. 24 சதவீதமோ வேறு எந்த விகிதத்திலுமோ வட்டி தர ஒப்புக்கொள்ளவில்லை. கடனுக்கான காரணம் குறித்துக் கூறியிருப்பதும் சரியல்ல."

குட்டி குட்டி வாக்கியமா இருக்குறதை கவனிங்க, இது வேணும்னே பண்றது. நம்ம கோர்ட் தமிழுக்கு ஒரு பழக்கம் இருக்கு, "பெற்றுக்கொண்டு, வட்டி தர ஒப்புக்கொண்டு, புரோநோட் எழுதிக்கொடுத்து, பின்னர் செலுத்தத் தவறினார் என்பது உண்மையல்ல"ன்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கோர்த்து கடைசியில ஒரே ஒரு மறுப்பு வைக்கிறது. அந்த "உண்மையல்ல" எதோட ஒட்டுது? எழுதினவர் எல்லாத்தையும் மறுத்ததா நினைக்கிறார், படிக்கிறவர் தவறினதை மட்டும் மறுத்ததா எடுத்துக்கலாம், வாங்கினது ஒத்துக்கிட்டது எழுதிக்கொடுத்தது எல்லாம் நடந்தது ஆனா கட்டத் தவறல, அப்படின்னும் அதே வாக்கியத்துக்கு அர்த்தம் வரும். ஒரு மறுப்புக்கு ஒரு வினைமுற்று, அவ்வளவுதான்.

இதே இனத்துல இன்னொண்ணு, மறுப்புக்குள்ளயே ஒப்புதல் ஒளிஞ்சிருக்குறது. பத்தி 4-க்கு டிராஃப்ட்ல "மேற்படி கடனுக்கான வட்டியை எங்கள் கட்சிக்காரர் செலுத்தத் தவறினார் என்பது மறுக்கப்படுகிறது"ன்னு இருந்துச்சு. மறுத்தது தவறினதை. மேற்படி கடன், அதாவது நோட்டீஸ்ல சொன்ன 5,00,000 கடன், அதுக்கு வட்டி, ரெண்டும் கேள்வியே இல்லாம உள்ள வந்து உக்காந்திடுச்சு. வட்டியே பேசல, அதனால கொஞ்ச மாசம் வட்டி கட்டினதும் கிடையாது, கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் அசல்லதான் போச்சுங்கிறதுதான் இந்த அம்மாவோட கேஸ். அப்ப எழுத வேண்டியது "எந்தக் காலத்துக்கும் எந்தத் தொகையும் வட்டியாகச் செலுத்தப்படவில்லை, வட்டி ஒப்பந்தமே இல்லை", அதுக்கு கீழ மூணு தேதி மூணு தொகை, அசலுக்கான திருப்பித் தொகைன்னு சொல்லி. பதில்ல "மேற்படி", "அந்தக் கடன்", "கொடுத்த காசோலை", "நோட்டீஸில் கூறியபடி" இந்த மாதிரி வார்த்தை எங்க வந்தாலும் பென்சிலால வட்டம் போட்டுட்டு, இதுக்குள்ள நாம எதை சும்மா ஒத்துக்கிட்டு போறோம்னு ஒரு தடவ கேட்டுக்கங்க. "நோட்டீஸில் கூறியபடி பெறவில்லை"ன்னா வேற எப்படியோ வாங்கினேன்னுதான் காதுல விழும்.

பத்தி 3 புரோநோட். டிராஃப்ட்ல "புரோநோட் குறித்து தங்கள் கட்சிக்காரரே நிரூபிக்க வேண்டும்"னு இருந்துச்சு. இது மறுப்பு இல்ல. நிரூபிச்சுக்கங்கன்னு சொல்ற பதில் நமக்கு தெரிய வாய்ப்பே இல்லாத விஷயத்துக்கு சரி, உதாரணமா அனுப்புனவர் அந்த பணத்தை எங்கேர்ந்து புரட்டினார்ங்கிறது. தன் கையெழுத்து தன்னோடதா இல்லையான்னு ஒருத்தருக்கு தெரியாம இருக்குமா? தனக்கு தெரிஞ்ச விஷயத்துல தெரியாதுன்னு சொன்னா நழுவுற மாதிரிதான் தெரியும். அதனால "10.03.2023 அன்றோ வேறு எப்போதுமோ தங்கள் கட்சிக்காரருக்கு எங்கள் கட்சிக்காரர் புரோநோட் எதுவும் எழுதிக்கொடுக்கவில்லை, கையெழுத்திடவில்லை. அப்படி ஓர் ஆவணம் இருந்தால் அது எங்கள் கட்சிக்காரரின் கையெழுத்தல்ல" அப்படின்னு நேரா வைக்கணும், கூடவே அதோட நகலை அனுப்பச் சொல்லி ஒரு வரி. இந்த இடத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கட்சிக்காரர்கிட்ட இன்னொரு தடவ கேட்டாகணும், வெத்து பேப்பர்ல வெத்து ஸ்டாம்ப் மேல எங்கயாவது போட்டீங்களாம்மான்னு. போட்டிருந்தா இந்த வாக்கியம் முழுசா மாறணும்.

முதல் பத்தி 5-ல அந்த அம்மாவோட கோவத்துக்கு நாம ஈடு கொடுக்கக்கூடாது. "நான் செக்கே கொடுக்கலன்னு எழுதுங்க சார்"னு அவங்க சொன்னாங்க, அவங்க மனசுல 5,00,000-க்கு செக் கொடுக்கலங்கிறது அப்படி வருது. ஆனா கையெழுத்து அவங்களோடது. 139-வது பிரிவுப்படி செக் வச்சிருக்குறவர் அதை கடனுக்காகத்தான் வாங்கினார்னு சட்டமே முதல்ல அனுமானிச்சுக்கும், அதை உடைக்குற பாரம் செக் போட்டவங்க மேல, சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டாம், நம்ம பக்கம்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு காட்டினா போதும். தானா கையெழுத்து போட்டு கொடுத்த வெத்து செக்கா இருந்தாலும் அந்த அனுமானம் வரும்னு 2019-ல பீர் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால செக்கே கொடுக்கலன்னு மறுத்தா கையெழுத்து ஒத்துப்போற அன்னிக்கு மத்த உண்மையும் சேர்ந்து விழுந்திடும். இங்க ஒத்துக்குறது எது மறுக்குறது எதுன்னு கோடு போட்டு பிரிக்கணும். கையெழுத்து எங்க கட்சிக்காரரோடது, ஒத்துக்குறோம். 02.01.2025 அன்னிக்கு கொடுத்தாங்கங்கிறது மறுக்கிறோம், கொடுத்தது 10.03.2023. கடனை அடைக்க கொடுத்தாங்கங்கிறது மறுக்கிறோம், 2,00,000-க்கு பாதுகாப்பா வாங்கி வச்சது. தொகை, தேதி, பேர் எதையும் அவங்க நிரப்பல, நிரப்ப அனுமதியும் கொடுக்கல. செக்ல இருக்குற தேதியில மிச்சம் இருந்தது 50,000 மட்டும். இந்த கடைசி வரிக்கு தனி பலம் இருக்கு, செக் கைக்கு போனப்புறம் ஒரு பகுதி கடன் அடைஞ்சிருந்தும் அதை செக்ல குறிக்காம முழு தொகைக்கு பேங்க்ல போட்டா 138 பொருந்தாதுன்னு 2022-ல தஷரத்பாய் வழக்குல தீர்ப்பு இருக்கு. மூணு தேதி மூணு தொகைய பத்தி 4-க்கான பதில்ல துல்லியமா வச்சது இங்க வந்து வேலை செய்யுது.

ரெண்டாம் பத்தி 5-க்கு, செக் திரும்பின விவரம் பேங்க் ஆவணப்படி இருக்கலாம், ஆனா அதனால 5,00,000 பாக்கின்னு ஆகாதுன்னு ரெண்டு வரி. பத்தி 6-ல ஏமாத்துற எண்ணம் மறுப்பு, காரணத்தோட, செக்கை கொடுத்தப்ப அது பேங்க்ல போடுறதுக்கே கொடுக்கல. பத்தி 1 பழக்கம்ங்கிறது உண்மைன்னா ஒத்துக்கிட்டு போயிடணும், உண்மையா இருக்குறதையும் சேர்த்து மறுத்தா மத்த மறுப்போட மதிப்பும் குறையும். பத்தி 7-ல இருக்குற 15 நாள் பணம் கட்டுறதுக்கு சட்டம் கொடுத்த நாள், பதில் அனுப்ப சட்டம் தனியா நாள் வைக்கல, இருந்தாலும் இந்த விவகாரத்துல 16.02.2025-க்குள்ள அனுப்பிடுறதுதான் முறை.

"இதில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர ஏனைய அனைத்தும் மறுக்கப்படுகின்றன"ங்கிற வழக்கமான வரி இருக்கட்டும், நானும் போடுவேன். ஆனா ஒத்துப் பாக்கும்போது அந்த வரிய கையால மூடிக்கிட்டு பாருங்க, அது இல்லாமலே எல்லா சங்கதிக்கும் பதில் இருக்கணும்.

ஒரு விஷயத்துல கட்சிக்காரர்கிட்ட கண்டிப்பா பேசணும், அந்த 50,000 பாக்கி. கடன் கொடுத்த நாள்லேர்ந்து மூணு வருஷம்ங்கிறது காலவரையறை, இந்த கடனுக்கு 2026 மார்ச் வரைக்கும். அந்த காலம் முடியறதுக்கு முன்னாடி எழுத்துல கையெழுத்தோட கடனை ஒத்துக்கிட்டா, காலவரையறைச் சட்டம் 18-வது பிரிவுப்படி அந்த தேதியிலேர்ந்து புதுசா எண்ண ஆரம்பிக்கும், அதிகாரம் பெத்த பிரதிநிதி கையெழுத்து போட்டாலும் சரி, கூடவே தரமாட்டேன்னு எழுதியிருந்தாலும் சரி. அதுக்காக மறைக்கச் சொல்லல, இந்த விவகாரத்துல 50,000-ஐ ஒத்துக்குறதுதான் மத்த 4,50,000 மறுப்பை நம்ப வைக்குது. ஆனா என்ன எழுதுறோம், அதனால என்ன நடக்கும்னு அந்த அம்மாவுக்கு தெரிஞ்சு அவங்க சரின்னு சொல்லணும். சொன்னாங்க, "உண்மைதானே, இருக்கட்டும்"னு.

எல்லாம் திருத்தினப்புறம் தலைகீழா ஒரு தடவ, இப்ப பதில்லேர்ந்து நோட்டீஸுக்கு. பதிலோட ஒவ்வொரு பத்தியும் நோட்டீஸ்ல எந்த பத்திக்குன்னு விரல் வச்சு பாக்கணும், எதுக்கும் சேராத பத்தி இருந்தா அது உண்மைச் சங்கதிகள் தலைப்புக்கு கீழ போகணும். அப்புறம் "எங்கள் கட்சிக்காரர்", "தங்கள் கட்சிக்காரர்" இது ரெண்டையும் மட்டும் பிடிச்சுக்கிட்டு இன்னொரு தடவ. இதுல ஒரு எழுத்து மாறினா கடன் வாங்கினது யாருங்கிறதே மாறிடும், கம்ப்யூட்டர் இதை பிழைன்னு காட்டாது, சத்தமா வாசிச்சாத்தான் மாட்டும். நாங்க ஒருத்தர் நோட்டீஸை வாசிக்க இன்னொருத்தர் பதிலை வாசிப்போம், பத்தி 1, பத்தி 1-க்கு பதில், பத்தி 2, பத்தி 2-க்கு பதில்னு. அப்படி வாசிக்கும்போதுதான் டிராஃப்ட்ல ஒரு இடத்துல 20.08.2024-க்கு பதிலா 20.08.2023-ன்னு விழுந்திருந்தது தெரிஞ்சது, ஸ்டேட்மெண்ட்டை எடுத்து சரிபாத்து மாத்தி, அந்த பக்கத்தை மட்டும் திரும்ப பிரிண்ட் எடுத்து, எல்லா பக்கத்துலயும் கையெழுத்து வாங்கி, அந்த அம்மாவுக்கு ஒரு நகல் கொடுத்துட்டு அனுப்பினோம்.